செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு

2008 ஜூன் 3, செவ்வாய்

பதுளையில் காலையில் மழை, பத்து மணிக்கு விட்டது. வெலிமடை உருளைக்கிழங்கு விலை பற்றிய செய்தியை அஸீஸின் இணையக் கடையிலிருந்து கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பினேன். தொலைநகல் போய் மின்னஞ்சல் வந்து இரண்டு வருடம். இன்னமும் ஒற்றை விரலால்தான் தட்டுகிறேன்.

அனுப்பி முடித்ததும் அஸீஸ் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தான். "அண்ணன், இதைப் பாருங்க. நம்ம பக்கத்துப் பிள்ளை ஒண்டு எழுதுது போல. பேர் போடல்ல."

வலைப்பதிவு. எழுதுபவரின் பெயர் 'ஜன்னலோரம்'. கடைசிப் பதிவைக் குறிப்பேட்டில் எடுத்துக்கொண்டேன். பழக்கம்.

"இன்று ஐந்தாவது தடவை பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கினேன். முதலில் தொண்டை. பிறகு விரல் நுனிகளில் எறும்பு. பிறகு கை மரத்துப்போகிறது. நெஞ்சு அடிப்பது பக்கத்து சீட்டுக்குக் கேட்குமோ என்று நினைக்கிறேன். இந்த நிமிடம் செத்துப்போவேன் என்று நிச்சயமாகத் தெரிகிறது. மணியை அடிக்கிறேன். இறங்கியதும் எல்லாம் போய்விடுகிறது. அதுதான் வெட்கம். பாதையோரப் பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிறது, சூலம் நிற்கிறது, நான் நிற்கிறேன். இருபது நிமிடத்தில் அடுத்த பஸ். பள்ளிக்கூடத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்கா கை மரத்துப்போகிறது?"

ஆசிரியை. வரவுப் புத்தகத்தில் ஏழரை மணிக்குச் சிவப்புக் கோடு போடுவார்கள், பிந்தி வந்தவர்கள் அதற்குக் கீழே.

கீழே பதினொரு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். சில:

"பயம் மனதின் மாயை. நேர்மறையாகச் சிந்தியுங்கள் சகோதரி!"

"வன்னியில் சனம் பங்கருக்குள் கிடக்கிறது. உங்களுக்கு பஸ்ஸில் போகப் பயமா?"

"கல்யாணம் முடிச்சா எல்லாம் சரியாகும் :-)"

"செவ்வாய்க்கிழமை துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடவும்."

"அருமையான பதிவு. என் பக்கத்துக்கும் வாருங்கள்."

அந்தப் பெண் எல்லோருக்கும் 'நன்றி' என்று ஒரு சொல் எழுதியிருந்தாள். வன்னி என்று எழுதியவருக்கு மட்டும், "உண்மைதான். மன்னிக்கவும்."

யாரிடம் எதற்கு மன்னிப்பு?


ஜூன் 6, வெள்ளி

என் பெயரிலேயே பதில் எழுதினேன். ஒரு மணி நேரம் எடுத்தது. எனக்குத் திருப்தி. இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறவன், சிரிப்புப் பொம்மை போடுகிறவர்களைவிட உருப்படியாக ஒன்று சொல்ல முடியாதா?

எழுதியதன் சுருக்கம்: நீங்கள் சொல்லும் இடம் பசறை தாண்டியதும் வரும் பீலி வளைவு. நீங்கள் போவது காலை 6.10 லுணுகலை பஸ். என் குறிப்புகளின்படி அந்த வளைவில் 1980இலிருந்து இரண்டு விபத்துகள்தான் நடந்துள்ளன. இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. ஜனவரியிலிருந்து பஸ் குண்டுச் செய்திகளால் எல்லோருக்கும் பயம் உண்டு, ஆனால் அந்தப் பாதையில் ஒரு சம்பவமும் இல்லை. ஆகவே பயப்படக் காரணம் எதுவும் இல்லை.

கவனமாக வாசித்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் இடத்தையும் நேரத்தையும் எழுதினேன்.


ஜூன் 10, செவ்வாய்

அஸீஸ் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

என் கருத்துக்குக் கீழே யாரோ: "6.10 பஸ்ஸா? பீலி வளைவா? அப்ப இது நம்ம ஸ்கூல் டீச்சர்தானே! டீச்சர், இதுக்கா லேட்டு? ஹி ஹி." அதற்குக் கீழே இன்னும் நாலு பேர். ஒருவர் பாடத்தைச் சொல்லிவிட்டார். பெயரின் முதல் எழுத்தை இன்னொருவர்.

கடைசியில் ஜன்னலோரம்: "ரெங்கசாமி அவர்களே, அந்த இடத்தின் பெயரை ஏன் எழுதினீர்கள்? நான் எழுதவில்லையே."

அவ்வளவுதான். ஏச்சு இல்லை.

பீலி என்று எழுதினாள். சூலம் என்று எழுதினாள். வளைவின் பெயரை எழுதவில்லை. பஸ்ஸின் நேரத்தை எழுதவில்லை. அது மறதி இல்லை. அந்த இரண்டு ஓட்டையையும் அவள் வேண்டுமென்றே விட்டாள். நான் கெட்டிக்காரத்தனமாக அடைத்தேன். செய்தியில் இடமும் நேரமும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கை இங்கேயும் போய்விட்டது.

அழிக்க முடியுமா என்று அஸீஸிடம் கேட்டேன். "உங்கடதை நீங்க அழிக்கலாம் அண்ணன். மத்தவங்கடதை அந்தப் பிள்ளைதான் அழிக்கணும்." என்னுடையதை அழித்தோம். "இந்தக் கருத்து எழுதியவரால் நீக்கப்பட்டது" என்று ஒரு வரி அங்கேயே நிற்கிறது. கீழே சிரிப்புகள் எல்லாம் அப்படியே.


ஜூன் 11

பக்கம் திறக்கவில்லை. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வருகிறது.

பள்ளிக்கூட அதிபர் யாரென்று எனக்குத் தெரியும். அந்தப் பாதையில், அந்த நேரத்துக்கு, அந்தப் பாடத்துக்கு ஒரே பள்ளிக்கூடம்தான். வலயக் கல்வி அலுவலகத்திலும் ஆள் இருக்கிறது. ஒரு போன் போதும். நம்பரை எடுத்து வைத்தேன்.

என் மனைவி ஞானத்திடம் சொன்னேன். ஞானேஸ்வரி மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். வாய் அதிகம் திறக்காத மனுஷி. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போன் எடுத்து என்ன சொல்லப்போறியள்? 'உந்தப் பிள்ளைக்கு வருத்தம், சுகமில்லை, விட்டுவிடுங்கோ' எண்டோ? இப்ப அஞ்சு பேருக்குத் தெரியும். பிறகு ஐம்பது பேருக்குத் தெரியும்."

"அப்ப சும்மா இருக்கச் சொல்றியா? நான் செஞ்ச பிழைய நான்தானே சரிசெய்யணும்."

"ஆருக்காகச் சரிசெய்யிறியள்?"

போன் எடுக்கவில்லை.


ஜூன் 12, வியாழன்

இதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது ஞானம் தானாகவே சொன்னாள். 1990இல் யாழ்ப்பாணத்தில் அவள் தம்பியிடமிருந்து நாலு மாதம் தகவல் இல்லை. பின்னேரம் ஆறு மணி ஆனால் குசினியில் அடுப்படி நிலத்தில் உட்கார்ந்துவிடுவாள். சோறு இறங்காது. அது எனக்கு ஞாபகம் இருந்தது. நான் என்ன செய்தேன் என்பதும் ஞாபகம் இருந்தது, நல்லபடியாக.

"ஒவ்வொரு பின்னேரமும் வந்து எனக்குச் செய்தி வாசிச்சனீங்கள். எத்தினை பேர் செத்தவை, எந்தப் பகுதியில, தம்பி இருக்கிற பக்கம் எவ்வளவு தூரம். ஆயிரத்தில ஒண்டு எண்டு சொன்னியள்."

"பொய் சொல்லலியே ஞானம்."

"பொய் எண்டு ஆர் சொன்னது? எல்லாம் சரியான கணக்கு. எனக்குக் கணக்கு வேண்டியிருக்கேல்ல. அந்த ஆயிரத்தில ஒண்டைத்தான் நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். பிறகு தம்பி வந்தான். அதால நீங்கள் சொன்னது சரியெண்டு ஆச்சு. நானும் பேசாமல் விட்டிட்டன்."

பதினெட்டு வருடம் பேசாமல் விட்டிருக்கிறாள்.

அப்போது நான் என்ன செய்திருந்தால் நல்லாயிருக்கும் என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேள்விதான், ஆனால் இந்தமுறை உண்மையிலேயே தெரியாமல் கேட்டேன்.

யோசித்தாள். "பக்கத்தில இருந்து வெங்காயம் உரிச்சிருக்கலாம்."


ஜூன் 13, வெள்ளி

அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் முகவரி பழைய பக்கத்தில் இருந்தது, குறித்து வைத்திருந்தேன். மன்னிப்புக் கடிதம் எழுதினேன், நானூறு சொல். என் அனுபவம், என் நோக்கம், எவ்வளவு வருந்துகிறேன், இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

ஞானம் வாசித்தாள். "இதில அவளைவிட நீங்கள்தான் கூட இருக்கிறியள். இதை வாசிச்சா அந்தப் பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டி வரும்."

கிழித்தேன். இரண்டாவது. அதில் "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்று ஒரு வரி வந்திருந்தது. எங்கிருந்து வந்தது? எனக்கே தெரியாது. கை தானாக எழுதுகிறது. வெட்டினேன். "உங்களைப் போல நானும்" என்று தொடங்கிய பந்தியையும் வெட்டினேன். எனக்கு அவளைப் போல வந்ததில்லை. "தைரியமாக இருங்கள்" இரண்டு இடத்தில். ஐந்து தடவை அந்த பஸ்ஸில் ஏறியவளுக்கு நான் தைரியம் சொல்வதா? முதல் தடவை இறங்கிய பிறகும் நாலு தடவை ஏறியிருக்கிறாள்.

"எப்போது தொடங்கியது? வீட்டில் யார் யார்?" என்று கேட்ட கேள்விகளையும் எடுத்தேன். அது பேட்டி.

மிஞ்சியது இது. அனுப்பியும் விட்டேன்:

"வணக்கம். உங்கள் பதிவின் கீழே வளைவின் பெயரையும் பஸ் நேரத்தையும் எழுதியவன் நான். நீங்கள் மறைத்து வைத்ததை வெளியே வைத்துவிட்டேன். அது என் பிழை.

உங்கள் பதிவை மறுபடி வாசித்தேன். கை மரத்துப்போனது நடந்தது. செத்துப்போவேன் என்று தோன்றியது நடந்தது. நெஞ்சில் கோளாறு இல்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. பயப்படக் காரணமில்லை என்று நான் எழுதியது உங்களை வாசிக்காமல் எழுதியது.

இதை எப்படிச் சரியாக்குவது என்று எனக்குத் தெரியாது. கல்வி அலுவலகத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொன்னால் பேசுவேன், சொல்லாவிட்டால் பேசமாட்டேன். நீங்கள் யாரென்று தேடமாட்டேன்.

ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் நாலு மணிக்கு நான் மின்னஞ்சல் பார்ப்பேன். நீங்கள் எதையாவது எழுதியிருந்தால் வாசித்து அன்றே பதில் போடுவேன். எழுதாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை."


ஜூன் 17. இல்லை.

ஜூன் 20. இல்லை.


ஜூன் 24, செவ்வாய்

ஒரு வரி. "அலுவலகத்தில் பேச வேண்டாம்."

"சரி. பேசமாட்டேன்" என்று எழுதினேன். இன்னும் நாலு வரி எழுதக் கை துடித்தது. அஸீஸ் மின்விசிறியைத் திருப்பிவிட்டு, "என்ன அண்ணன், வேர்க்குது?" என்றான்.


ஜூன் 27, வெள்ளி

இன்று நீளமாக எழுதியிருக்கிறாள். எல்லாவற்றையும் இங்கே எடுக்கமாட்டேன். அது அவளுடையது. எனக்குத் தேவையானவை மட்டும்.

அதிபர் கூப்பிட்டிருக்கிறார். நியமனம் கிடைத்து மூன்று வருடம் முடியப்போகிறது. மூன்றாம் தவணையிலும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே என்றால் நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுதமாட்டாராம். ஆசிரியர் அறையில் ஒருவர் மணி அடிப்பது போல சத்தம் போட்டுக் காட்டியிருக்கிறார். அம்மா, "வேலையை விட்டுட்டு வீட்டோட இரு, கஞ்சியோ கூழோ" என்கிறாராம். அவளும் அதைத்தான் யோசிக்கிறாள். "வீட்டுக்குள் இருக்கும்போது ஒன்றும் வருவதில்லை. ஆனால் முந்தி பஸ்ஸில் மட்டும்தான் வந்தது. இப்போது பஸ் தரிப்பிடத்திலும் வருகிறது. அடுத்தது வாசலாக இருக்கும்."

இறங்கியதும் போய்விடுகிறது, அதனால் அடுத்த தடவை இன்னும் முந்தி இறங்கத் தோன்றுகிறது. அவளே கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். எந்த நிருபரும் இவ்வளவு சரியாக எழுதமாட்டான்.

என்ன பதில் போடுவது? வேலையை விடாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. விடு என்று சொல்லவும் இல்லை. நாற்பது நிமிடம் இருந்தேன். எழுதியது:

"மணிச் சத்தம் போட்டவர் செய்தது கொடுமை. அது என் கருத்தால் வந்தது. அடுத்தது வாசலாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்து எனக்கும் கலக்கமாக இருக்கிறது. இன்றைக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா, அல்லது வாசித்தால் போதுமா?"

பத்து நிமிடத்தில் வந்தது. அவளும் எங்கேயோ ஒரு திரைக்கு முன்னால் இருந்திருக்கிறாள்.

"வாசித்தால் போதும்."


ஜூலை 4, வெள்ளி

வெலிமடையில் விவசாயிகள் ஆர்ப்பாட்டம். அமைச்சரின் ஆள் மூன்றரைக்கு வந்து பேசுவார் என்றார்கள். நான் இரண்டரை பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நாலு பத்துக்கு அஸீஸ் கடை.

கடிதம் இல்லை. அரை மணி இருந்தேன்.

கொழும்பிலிருந்து பத்திரிகை ஆசிரியர் பீடத்தார் போனில் ஏசினார்கள். "ரெங்கசாமி, அந்த ஆள் வந்து பேசியிருக்கிறார், எல்லாப் பேப்பரிலயும் வரப்போகுது, நீங்க எங்க இருந்தீங்க?" நாலு மணிக்கு ஒரு வேலை இருந்தது என்றேன். என்ன வேலை என்றார்கள். சொல்லவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

"சில நாள் இரவு படுக்கும்போது, காலையில் எழும்பாமல் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது."

இந்த ஒரு வரிதான்.

அஸீஸிடம் சொல்லாமல் வெளியே வந்து ஞானத்துக்குப் போன் எடுத்தேன். வரியை வாசித்தேன்.

"கேளுங்கோ."

"என்னத்த கேக்கிறது? கேட்டு, அதுவே அந்த நினைப்பைக் கொடுத்திட்டா?"

"நினைப்பு ஏற்கனவே அங்கதான் இருக்கு. நீங்கள் கேக்காட்டி அவள் தனிய வைச்சிருப்பாள். சுத்தி வளைச்சு இல்லை. நேரடியாய்க் கேளுங்கோ."

உள்ளே போய் எழுதினேன். "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா? ஆம் என்றாலும் என்னிடம் சொல்லலாம். நான் கோபிக்கமாட்டேன், பயந்து ஓடமாட்டேன். இன்று பதில் வரும்வரை இங்கேயே இருக்கிறேன்." ஞானத்தின் கைத்தொலைபேசி நம்பரையும் கீழே போட்டேன்.

ஐந்து மணி. ஐந்தரை. அஸீஸ் வழக்கமாக ஆறுக்கு மூடுவான். ஏன் என்று கேட்காமல் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தான். "நான் கணக்குப் பாக்க இருக்கு அண்ணன், மெதுவா இருங்க." கணக்கு ஒன்றும் பார்க்கவில்லை. கதவைப் பாதி இழுத்துவிட்டுத் தொழுதுவிட்டு வந்தான்.

ஆறே முக்காலுக்கு:

"இதுவரை யாரும் இப்படிக் கேட்கவில்லை. இல்லை. சாக விருப்பமில்லை. காலை வரக்கூடாது, அவ்வளவுதான். கேட்டதும் அழுதுவிட்டேன், அது நல்ல அழுகை. அம்மா பக்கத்தில் இருக்கிறார். இதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கிளினிக் இருக்கிறதாமே? போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா?"

"சொன்னதற்கு நன்றி. அந்த நினைப்பு மாறினால், கூடினால், எந்த நேரமும் அந்த நம்பருக்கு எடுங்கள். கிளினிக்கைப் பற்றி விசாரித்து வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்."

வீட்டுக்கு நடந்து வந்தேன்.


ஜூலை 16, புதன்

கிளினிக்குக்கு நானே போனேன். நோயாளி இல்லை, விசாரிக்க வந்தவன் என்று சொல்லி வரிசையில் நின்றேன். எல்லாவற்றையும் குறித்தேன்: எந்த வாசல், எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், எந்த பெஞ்சில் உட்கார்ந்தால் பிரதான வாசலுக்குத் தெரியாது. கிளினிக் துண்டுச் சீட்டில் என்ன எழுதுகிறார்கள், யார் கையில் போகிறது. டாக்டர் சிங்களத்தில் பேசுகிறார். முஹ்ஸினா என்று ஒரு தாதி தமிழில் சொல்லிக்கொடுக்கிறார். பள்ளிக்கூடத்துக்குத் தகவல் போகுமா என்று கேட்டேன்.

"எங்களுக்கு வேற வேல இல்லையா சேர்?" என்றார். "இங்க டீச்சர்மார் வாராங்க, போலீஸ்காரங்க வாராங்க, போன மாசம் ஒரு டாக்டரே வந்தார். இங்கயிருந்து எங்கயும் போகாது."

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எனக்கு இடம் விட்டு, "மொத தடவையாங்க? ஒண்ணும் செய்யமாட்டாங்க, பேசத்தான் பேசுவாங்க," என்றார். ஆமாங்க என்றேன்.


ஜூலை 18, வெள்ளி

கிளினிக் விபரம் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். போங்கள் என்று எழுதவில்லை. கேட்டவற்றுக்கு விடை, அவ்வளவு. என் கணக்கும் நேரமும் இடமும் முதல்முதலாக உதவுகின்றன. கேட்ட பிறகு கொடுத்ததால் இருக்கலாம்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

பள்ளி விடுமுறை. போயிருக்கிறாள், அம்மாவோடு, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாளாம். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம், நிறையப் பேருக்கு வருவதாம். சின்ன மாத்திரை. வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை ஆகுமாம். அதோடு ஒரு பயிற்சி. பஸ்ஸில் ஒரு தரிப்பு மட்டும் போய் இறங்குவது, பிறகு இரண்டு. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்காமல், அது தானாகக் குறையும்வரை இருந்து பார்ப்பது. குறையுமாம். இறங்கி ஓடினால்தான் அது தெரியாமல் போகிறதாம்.

"நேற்று முதல் தரிப்பில் இருந்தேன். செத்துப்போவேன் என்று நினைத்தேன். சாகவில்லை. சந்தோஷமாக இல்லை. களைப்பாக இருந்தது."

வாழ்த்துகள் என்று எழுதி, அழித்தேன். "களைப்பாகத்தான் இருக்கும். சாப்பிட்டீர்களா?" என்று போட்டேன்.

"பாணும் பருப்பும்," என்று வந்தது.


ஆகஸ்ட் 29, வெள்ளி

திங்கட்கிழமை மூன்றாம் தவணை. இந்தக் கிழமை நாலு தரிப்பு போனாளாம். நேற்று இரண்டில் இறங்கிவிட்டாள். வளைவு இன்னும் வரவில்லை.

எழுதியிருக்கிறாள்: "ஒன்று கேட்கலாமா? செப்டம்பர் 8 அன்று 6.10 பஸ்ஸில் நீங்கள் இருக்க முடியுமா? என்னைத் தேடக்கூடாது. பேசக்கூடாது. தைரியம் சொல்லக்கூடாது. தெரிந்தவர் ஒருவர் அந்த பஸ்ஸில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தால் போதும். முதல் கிழமை அம்மா வருகிறார். அம்மா முழுவழியும் கந்தசஷ்டி சொல்லுவார்."

என் மனைவியும் வரலாமா என்று கேட்டேன். வரட்டும் என்றாள். ஞானம் பச்சைக் குடை வைத்திருப்பாள், நாங்கள் முன் சீட்டில் இருப்போம் என்று எழுதினேன். அவள் எங்களை அடையாளம் காணலாம். நாங்கள் அவளை அல்ல.


செப்டம்பர் 8, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு பஸ் நிலையம். சாரதிக்குப் பின்னால் உள்ள சீட்டில் இருந்தோம். ஞானம் குடையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தாள். கோயிலுக்கு வேல் கொண்டுபோகிற மாதிரி இருக்கு என்றேன். பேசாமல் இருங்கோ என்றாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை. சாரதியின் கண்ணாடியில் பின் சீட்டுகள் தெரிந்தன. அதையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு மேலே புத்தரும் பிள்ளையாரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாலை. அவர்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

பசறையில் ஆட்கள் ஏறினார்கள். தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்கு, காலையில் பேர் கொடுக்க, போகிற பெண்கள் இரண்டு பேர் சத்தமாகக் கதைத்தார்கள், கங்காணியின் புது மீசையைப் பற்றி. பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

சவுக்கு மரங்கள் தொடங்கின. பீலிச் சத்தம் கேட்க முந்தி மணி அடித்தது.

பஸ் நின்றது. பின் கதவில் செருப்புச் சத்தம். நான் பிள்ளையாரையே பார்த்தேன். தோற்றுப்போச்சு என்று ஒரு சொல் வந்தது. உடனே அதை வெட்டினேன்.

ஞானம் எழும்பினாள். முன் கதவால் இறங்கினாள். பஸ் எடுத்தது.

நான் தனியாக லுணுகலை வரை போய், ஒரு தேத்தண்ணி குடித்து, திரும்பி வந்தேன்.

ஞானம் பத்தரைக்கு வந்தாள். என்ன நடந்தது?

"பீலிக்கு அங்கால நிண்டாள். நான் இஞ்சால நிண்டன். அடுத்த பஸ் எத்தினை மணிக்கெண்டு கேட்டன். ஏழு பத்துக்கு எண்டாள். வந்தது, ரெண்டு பேரும் ஏறினம்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"கோட்டுக்குக் கீழதான் கையெழுத்துப் போட்டிருப்பா."

"போட்டிருப்பாள்."

"எத்தன வயசிருக்கும்?"

"உங்களுக்கு என்னத்துக்கு?"


செப்டம்பர் 12, வெள்ளி

"உங்கள் மனைவி இறங்குவார் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. சீலையைத் தூக்கிக்கொண்டு பீலியில் கால் கழுவினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த பஸ் வந்துவிட்டது. திங்களும் வருவாரா?"

ஞானத்திடம் காட்டினேன். "கால்ல சேறு," என்றாள்.

நான் வர வேண்டாம், தான் மட்டும் போதும் என்றாள். சரி என்றேன். நான் போகாமல் வீட்டில் இருப்பதும் இதில் ஒரு வேலைதான் போலிருக்கிறது.


செப்டம்பர் 22. மணி அடித்தது.

செப்டம்பர் 29. வளைவு தாண்டி அடித்ததாம். ஞானம் இறங்கி, வந்த வழியே பீலி வரை நடந்தாளாம், இரண்டு பேரும்.

அக்டோபர் 6. ஞானத்துக்குக் காய்ச்சல், போகவில்லை. மின்னஞ்சலில் முதல் நாளே சொன்னோம். அவளும் அன்று போகவில்லை, லீவு போட்டாள். அதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். மன்னிப்புத் தேவையில்லை என்று பதில் போட்டேன்.


அக்டோபர் 17, வெள்ளி

அதிபர் இன்னும் சிபாரிசு எழுதவில்லை. டிசம்பர் வரை பார்க்கிறாராம். கிளினிக் துண்டை அவரிடம் காட்டுவதா என்று அவள் கேட்டிருந்தாள். காட்டினால் இன்ன நன்மை, இன்ன ஆபத்து, எனக்குத் தெரிந்தவரை எழுதினேன். முடிவு உங்களுடையது, எதை முடிவெடுத்தாலும் செவ்வாய் நாலு மணி மாறாது என்றேன்.

அவள் காட்டவில்லை. இது நல்லதா கெட்டதா, தெரியாது.


நவம்பர் 3, திங்கள்

இரவு முழுக்க மழை. பசறைப் பாதையில் மண் சரிந்ததாகப் போன் வந்தது, போய்ப் பார்த்தால் ஒரு சின்ன மேடு, பஸ் போகிறது. அதைச் செய்தியாக எழுதவில்லை.

பதினொரு மணிக்கு ஞானம் வந்தாள். குடையை விரித்து முற்றத்தில் காயவைத்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. கேட்காமல் இருக்க இப்போது கொஞ்சம் பழகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தை எடுத்தாள்.

"லுணுகலை வரைக்கும் போய் வந்தனான்," என்றாள். "மணி அடிக்கேல்ல."

சிறிது நேரம் உரித்தோம்.

"வாற கிழமை அடிக்கலாம்," என்றாள்.

"அடிக்கட்டும்," என்றேன்.